தையல் கடைக்கு ஆள் எடுத்த அனுபவம்: விளம்பரத்தில் கூலியை எழுதியதும் நடந்தவை

தேவகோட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்தான் முக்கிய வேலை, கட்டிங் என்னுடையது. தைத்துக்கொண்டிருந்த அக்கா தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால், ஆவணி முகூர்த்தத்துக்கு முன் ஒரு ஆளாவது எடுத்தே ஆகவேண்டிய நிலை.

எங்கள் ஊரில் எந்தத் தையல் கடைக் கதவைப் பார்த்தாலும் 'டெய்லர் தேவை, நல்ல சம்பளம்' என்று ஒரு அட்டை தொங்கும். மழையில் நனைந்து எழுத்து அழிந்தும் தொங்கும், ஏனென்றால் யாரும் வருவதில்லை. நன்றாகத் தைக்கத் தெரிந்த பெண் வீட்டிலேயே மிஷின் போட்டு அக்கம்பக்கத்தில் தைத்துக்கொண்டிருப்பார், அவரை வெளியே வரவைக்க 'நல்ல சம்பளம்' என்ற இரண்டு சொல் போதாது. அவருக்கு வீட்டில் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்: ஆடியிலும் மார்கழியிலும் வேலை. அதைத்தான் நான் முன்னால் வைக்க நினைத்தேன். எழுதியது இது:

ஜாக்கெட் தைக்க ஆள் தேவை (ஒருவர்)
முழு ஜாக்கெட் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெட்டி நாங்களே தருவோம்.
கூலி: லைனிங் ஜாக்கெட் ரூ.150, சாதா ஜாக்கெட் ரூ.80. கொக்கி, ஹெம்மிங் வேலை கிடையாது.
வேலை குறைந்த நாளிலும் நாளுக்கு ரூ.500 உறுதி.
நேரம்: காலை 9 முதல் மாலை 5.30 வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி. ஞாயிறு விடுமுறை.
தீபாவளிக்கு முந்தைய 3 வாரம் மட்டும் மாலை 7 வரை. 6 மணிக்கு மேல் இரட்டைக் கூலி.
பவர் மிஷின், நூல் எல்லாம் கடையுடையது.
கூலி சனிக்கிழமை தோறும். முன்பணம் கிடையாது.
ஒரு ஜாக்கெட் தைத்துப் பார்ப்போம், அதற்கும் கூலி உண்டு.
ஆவணி 15 வரை, காலை 11 முதல் மாலை 5 வரை அழைக்கவும்.

கூலிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் வாங்குவது 400. அதில் தைப்பவருக்கு 150, கொக்கி வைத்து ஹெம்மிங் செய்து தரும் பாட்டிக்கு 30. மீதி 220-இல் என் கட்டிங், வாடகை, கரண்ட், நூல் எல்லாம் அடங்கவேண்டும். வெட்டி ரெடியாக இருந்தால் கை ஓடுகிறவர் நாளுக்கு நான்கு லைனிங் தைப்பார், 600 ஆகிவிடும். ஆடியில் இரண்டுதான் இருக்கும், அப்போது 300-க்குப் பதில் 500 கொடுக்கிறேன். அந்த 200 நஷ்டம்தான். ஆனால் சும்மா உட்காரவைப்பதில்லை, அந்த நேரத்தில் உள்பாவாடை, நைட்டி தைத்து வைத்தால் தீபாவளிக்குக் கடையிலேயே விற்றுவிடும். பீஸ் கூலி என்றாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்பதும் இந்த 500-க்கு ஒரு காரணம், பல கடைகளில் இதை யாரும் கவனிப்பதே இல்லை.

நேரத்தையும் சட்டத்தைப் பார்த்துத்தான் வைத்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் இரண்டு மடங்கு, அதுவும் சேர்த்து வாரம் 54 மணியைத் தாண்டக்கூடாது. சாப்பாட்டு நேரம் கழித்து 7 மணி வரை என்றால் நாளுக்கு 9, ஆறு நாளுக்குச் சரியாக 54. தீபாவளி சமயத்தில் இரவு பதினோரு மணி வரை தைக்கவைக்கும் கடைகள் உண்டு, அந்த அசதியில் தைத்த ஜாக்கெட்டெல்லாம் மறுநாள் பிரிக்க வந்துவிடும்.

எங்கே ஒட்டினேன் என்பதுதான் இதில் பெரிய விஷயம். என் கடை வாசலில் ஒட்டவே இல்லை. லைனிங் துணி, நூல், கொக்கி விற்கும் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வீட்டில் தைப்பவர்கள் எல்லோரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கே வந்துதானே ஆகவேண்டும். அதோடு தெரிந்த மகளிர் குழு வாட்ஸப்பிலும் போட்டேன். ஒன்று சொல்கிறேன், வாட்ஸப்பில் போடுகிறவர்கள் கடைசித் தேதி போடாமல் விடாதீர்கள். அது ஊர் ஊராகச் சுற்றி, ஆள் எடுத்துப் பல மாதம் கழித்தும் போன் வரும், அதில் வேலைக்காக அழைக்காதவர்களும் இருப்பார்கள். என் நம்பரைப் போடாமல் கடைக்கென்று இருக்கும் பட்டன் போன் நம்பரைத்தான் கொடுத்தேன்.

அழைத்தவர்கள் கூலியைப் பற்றிக் கேட்கவே இல்லை, அதுதான் எழுதியிருக்கிறதே. கேட்டது வேறு. "கரண்ட் போனா என்னக்கா?" என்று ஒருவர். நியாயமான கேள்வி, மாதாந்திர பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை நிறுத்துகிறார்களே. அன்றைக்கும் 500 உண்டு என்றேன். "ஆல்டர் வந்தா யார் கணக்கு?" என்று இன்னொருவர். தையல் தப்பு என்றால் அவரே பிரித்துத் தைக்கவேண்டும், அளவு மாறியது என்றால் அது என் கட்டிங், தனிக் கூலி. இந்த இரண்டையும் அடுத்த முறை விளம்பரத்திலேயே சேர்க்கவேண்டும். முன்பணம் கிடையாது என்று எழுதியும் "பத்தாயிரம் கொடுத்தா நாளைக்கே வர்றேன்" என்றவர்களும் இருந்தார்கள். முன்பணம் கொடுத்து ஆளையும் பணத்தையும் சேர்த்துத் தேடுகிற கடைக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

திருப்பூரில் இருந்து ஊர் திரும்பிய ஒருவர் வந்தார். பி.எஃப். உண்டா என்று முதலில் கேட்டார், இரண்டு பேர் வேலை பார்க்கிற கடைக்கு அது வராது என்று சொல்லிப் புரியவைத்தேன். மிஷினில் உட்கார்ந்தால் அப்படி ஒரு வேகம். ஆனால் கம்பெனியில் இத்தனை வருஷமும் கை ஏற்றுகிற வேலை மட்டுமே, கழுத்துப் பட்டி வைக்க வரவில்லை. முழு ஜாக்கெட் என்று நான் எழுதியது அதனால்தான். நைட்டி, பாவாடை சீசனுக்குக் கூப்பிடுகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டேன்.

தைத்துப் பார்க்க வாடிக்கையாளர் துணியைக் கொடுக்கவில்லை, என்னிடம் இருந்த மலிவுத் துணியில் லைனிங்கோடு வெட்டி, ஒரு அளவு ஜாக்கெட்டையும் கொடுத்தேன். முடிந்ததும் முதலில் பார்ப்பது இரண்டு பக்க டாட்டும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்பதை. அப்புறம் கை ஏற்றிய இடத்தில் சுருக்கம், கொக்கிப் பட்டி கீழே ஏறி இறங்காமல் சேர்வது, லைனிங் மேல் துணியை இழுக்காமல் இருப்பது. கடைசியாகத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்ப்பேன், பக்கத் தையலில் பிரித்துவிட ஒரு இஞ்சாவது துணி விட்டிருக்கவேண்டும். ஓரத்தை ஒட்ட நறுக்கிவிடுகிறவர் வெளியே எவ்வளவு அழகாகத் தைத்தாலும் எனக்கு ஒத்துவராது, உடம்பு போட்டுவிட்டது என்று ஆறு மாதத்தில் அதே ஜாக்கெட்டைக் கொண்டுவருவார்கள்.

எடுத்தவர் பக்கத்துக் கிராமம், நாற்பதை ஒட்டிய வயது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு அவருக்குக் கிடையாது, 2021-க்கு முன் என்றால் இந்தக் கூலிக்கு அவ்வளவு தூரத்திலிருந்து யோசித்திருப்பார். ஐந்தரைக்கு முடித்தால் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுதான் அழைத்தேன் என்றார். ஆளுக்கு ஒரு நோட்டு வைத்து, தைத்த பீஸை அன்றன்றே இருவரும் எழுதிக்கொள்கிறோம். முதல் சனிக்கிழமை அவர் நோட்டில் 3,380, என் நோட்டில் 3,300. ஒரு சாதா ஜாக்கெட்டை நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன், கொடுத்துவிட்டேன். நூல் கடைக்காரரிடம் சொல்லி அன்றைக்கே விளம்பரத்தைக் கிழிக்கச் சொல்லியாயிற்று.