பெரியம்மாவின் பதினைந்து நிமிட ஜெபம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நடந்த ஜெபக்கூட்டம் நின்றுபோனது. ஒன்பது பெண்கள், பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, ஜூம்ல வைச்சிரு"ன்னு அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பழைய சபைக் காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் வழிமுறை எழுதி, படம் எடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். லிங்கைத் தொடவும். உள்ளே வந்ததும் Join Audio என்பதைத் தொடவும், இல்லாவிட்டால் நாங்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வைக்கவும்.

"எதிலாவது" என்று எழுதியது என் தப்பு. நாசரேத் சித்தி வேதாகமத்தின்மேல் சாய்த்து வைத்தாள். சங்கீதம் வாசிக்க அதை எடுத்ததும் போன் மல்லாந்து விழுந்தது. அன்று முழுக்க அவள் வீட்டு மின்விசிறியோடுதான் ஐக்கியம். அடுத்த வாரம் தாளில் "அரிசிச் சம்படத்தில் சாய்க்கவும்" என்று திருத்தினேன்.

பாட்டுதான் அடுத்த சோதனை. சேர்ந்து பாடினால் ஒவ்வொருவர் குரலும் மற்றவர் காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேரும். பிந்தியவருக்காக முந்தியவர் இழுக்க, அந்த இழுப்புக்காக இவர் இன்னும் இழுக்க, நாலு வரிக் கீர்த்தனை கூட்ஸ் வண்டி மாதிரி போனது. போதாததற்கு, ஒரே நேரத்தில் பல குரல் வந்தால் ஜூம் சிலதை அமுக்கிவிடும். பரமண்டல ஜெபத்திலும் இதே கதைதான். அதனால் ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து நடத்த வேண்டும். மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு, தங்கள் வீட்டுக்குள் எவ்வளவு சத்தமாகவும் கூடப் பாடலாம். "அப்ப நான் பாடுறது யாருக்குக் கேக்கும்?" என்றாள் மெய்ஞ்ஞானபுரம் அத்தை. கர்த்தருக்கு என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை.

மைக்கை மூடுவதில்தான் பெரிய கண்ணி இருந்தது. பட்டன் கீழே Mute என்று இருந்தால் மைக் மூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை. தொட்டால் மூடும் என்று அர்த்தம். மூடிய பிறகுதான் அங்கே Unmute என்று மாறும். யார் இப்படி யோசித்தார்களோ! சாயர்புரம் பெரியம்மா இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள். Mute என்று போட்டிருந்ததை நம்பி, சித்தி பாடும்போது மகளிடம், "இவ கட்டைய இறக்கிப் பாடினா என்னட்டீ, மூச்சு வாங்குதே" என்றாள். சித்தி பாட்டை நிறுத்திவிட்டாள். அன்றைக்குப் பிறகு தாளில் எழுத்தே கிடையாது, மைக் படம் மட்டும்: சிவப்புக் கோடு விழுந்திருந்தால் வாய் திறக்கலாம், கோடு இல்லாவிட்டால் பக்கத்தில் யாரிடமும் பேசக்கூடாது. பட்டன் மறைந்துபோனால் திரையை ஒருதரம் தொட்டால் வரும்.

எல்லாருடைய மைக்கையும் என்னால் மூட முடியும், ஆனால் திறக்க முடியாது. திறக்கச் சொல்லி ஒரு கேள்வியைத்தான் அவர்கள் திரைக்கு அனுப்பலாம். அதனால் ஜெபிக்க அழைக்கப்பட்டவர் முதலில் மைக்கைத் திறந்து "ஸ்தோத்திரம்" சொல்ல வேண்டும். நான் "கேக்குது" என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூட வேண்டும்.

கண்ணை மூடியவர்களுக்கு ஒரு விதி எழுத மறந்துவிட்டேன். இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பாட்டும் வாசிப்பும் சாட்சியும் முடிந்து, 36ஆம் நிமிடத்தில் பெரியம்மாவை முடிவு ஜெபத்துக்கு அழைத்தேன். அவள் ஜெபம் கால் மணி நேரத்துக்குக் குறையாது. துபாயிலிருக்கும் பேரன்களில் தொடங்கி முதலமைச்சர் வரைக்கும் போவாள். சரியாக மூத்த பேரனின் விசாவில் இருக்கும்போது திரை போய்விட்டது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள், கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறாளே.

பதினோரு நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள். "ஆமென் சொல்லாம எல்லாரும் எங்கட்டீ போனீங்க?"

விஷயத்தைச் சொல்லி, மறுபடி லிங்கைத் தொடவைத்து ஒன்பது பேரையும் உள்ளே கொண்டுவந்தேன். விட்ட இடத்திலிருந்து ஜெபிக்கச் சொன்னேன். (இப்போதெல்லாம் பெரியம்மாவின் ஜெபம் பாட்டுக்கும் முன்னால்.)

"நான் ஜெபிச்சது போய்ச் சேர்ந்தாச்சு. இன்னொருக்க எதுக்கு? நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க."

எட்டுப் பேரும் பயபக்தியோடு கண்ணை மூடி ஆமென் என்றார்கள். எட்டு மைக்கிலும் சிவப்புக் கோடு.

"சொல்லுங்கட்டீ!" என்றாள் பெரியம்மா.