24 முகங்கள், ஒரே பக்கம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்கள் எங்களிடம் அச்சுக்கு வரும்போது, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான பக்கத்தில் வழக்கமான புகைப்படங்களுக்குப் பதிலாகக் கேலிச்சித்திர முகங்கள் வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அப்படி வந்த ஒரு பக்கத்தை, ஒரே வகுப்பைச் சேர்ந்த 24 பிள்ளைகளின் முகங்கள் கொண்ட பக்கத்தை, எப்படி அமைத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தனியாக ஒருவரைக் கேலிச்சித்திரமாக வரைவதும் ஒரு வகுப்பையே ஒரு பக்கத்தில் வரைவதும் ஒரே வேலை அல்ல. தனிச் சித்திரத்தில் தலை பெரிதா சிறிதா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஒப்பிடப் பக்கத்தில் இன்னொரு தலை இல்லை. வகுப்புப் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தன் முகத்தைத் தேடும், அடுத்த நொடியே பக்கத்து முகத்தோடு ஒப்பிடும். தன் முகம் மட்டும் சிறுத்திருந்தாலோ, தன் மூக்கு மட்டும் மற்றவர்களுடையதைவிட அதிகமாக இழுக்கப்பட்டிருந்தாலோ, பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை ஓவியரின் கைத்தவறு என்று எடுத்துக்கொள்ளாது, தன்னைப் பற்றிய தீர்ப்பு என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே அளவும் மிகைப்படுத்தலும் 24 பேருக்கும் ஒரே நீதியாக அமைய வேண்டும் என்பதே எங்கள் வேலையின் அடிப்படை.

அளவிலிருந்து தொடங்குகிறேன். பக்கம் ஏ4, அதாவது 210க்கு 297 மில்லிமீட்டர். தையல் பக்கம் 20, வெளிப்பக்கம் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் அகலத்தில் 175 மிஞ்சும். நான்கு பத்திகளும் அவற்றிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளியும் என்று வைத்தால் ஒரு முகத்துக்கு 40 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கிறது. உயரத்தில் தலைப்பும் ஓரங்களும் போக 240 மில்லிமீட்டர், ஆறு வரிசைகள், வரிசைக்கு 40. அதில் 30 முகத்துக்கும், 8 பெயருக்கும், 2 இடைவெளிக்கும் போயின. பெயருக்கு 8 மில்லிமீட்டர் தாராளம் போலத் தோன்றலாம், ஆனால் நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரப் பெயர்கள் தந்தை பெயரோடு சேர்ந்து இரண்டு வரி எடுத்துக்கொள்கின்றன. நீண்ட பெயருக்காக அந்த ஒரு பிள்ளையின் எழுத்தை மட்டும் சிறிதாக்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

இனித்தான் உண்மையான சிக்கல். வரைந்து முடித்த சித்திரங்கள் அனைத்தையும் ஒரே உயரத்துக்கு மென்பொருளில் சரிசெய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மென்பொருள் முகத்தை அளப்பதில்லை, சித்திரத்தின் வெளிவிளிம்பை மட்டுமே அளக்கிறது. இந்த வகுப்பில் முடியை ஒட்ட வெட்டிய ஒரு பையனும், சுருள்முடி மேலெழும்பி நிற்கும் இன்னொரு பையனும் இருந்தார்கள். முகங்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனால் மோவாயிலிருந்து முடியின் உச்சிவரை முதலாமவனுக்கு 21 மில்லிமீட்டர், இரண்டாமவனுக்கு 28. இருவரையும் 21க்குக் கொண்டுவந்தால் சுருள்முடிப் பையன் முக்கால் அளவுக்குச் சுருங்கி, ஒரு கீழ்வகுப்புப் பிள்ளையைத் தவறுதலாக இந்தப் பக்கத்தில் ஒட்டியதுபோல நிற்பான். இரட்டைப் பின்னலை இருபுறமும் விரித்துப் போட்ட பெண்பிள்ளைக்கு அகலத்தில் இதே கதி நேரும்.

எனவே கண்களின் மையக்கோட்டிலிருந்து உதடுகள் சேரும் கோடு வரையுள்ள தூரத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். அது எல்லோருக்கும் 7 மில்லிமீட்டர். மோவாயை நீட்டலாம், காதை விரிக்கலாம், முடியைப் பறக்கவிடலாம், இந்த 7 மில்லிமீட்டரை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதோடு, அளவை நிலைநிறுத்துவது சித்திரத்தில் அன்று, புகைப்படத்தில். முதலில் 24 புகைப்படங்களையும் இந்த அளவுக்குக் கொண்டுவந்து, கண்கோடு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே உயரத்தில் விழும்படி பக்கத்திலேயே வைத்துவிட்டு, அவற்றின் மேல்தான் வரையத் தொடங்கினோம். சுருள்முடிப் பையனின் முடி தன் கட்டத்தைத் தாண்டி இடைவெளியின் 2 மில்லிமீட்டரையும் எடுத்துக்கொண்டது. அவனை ஒற்றைவரிப் பெயர் உள்ள ஒருவருக்குக் கீழே வைத்தோம், கட்டத்தைச் சுற்றிக் கோடு போடவில்லை, முடி தாராளமாக எழும்பி நின்றது. பக்கத்துக்கு அதுவே ஓர் உயிர்ப்பைத் தந்தது.

இந்த அளவுகோல் சரியாக வேலை செய்யப் புகைப்படங்கள் ஒரே முறையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வகுப்பாசிரியர் முதலில் அனுப்பியவை கைத்தொலைபேசியை அரை மீட்டர் தூரத்தில் பிடித்து எடுத்தவை. அவ்வளவு நெருக்கத்தில் மூக்கு புடைத்துத் தெரியும், காதுகள் பின்னுக்குப் போய் மறையும். அதன்மேல் வரைந்தால் ஓவியர் மிகைப்படுத்துவதற்கு முன்பே கேமரா மிகைப்படுத்தியிருக்கும், அதுவும் 24 பேருக்கும் ஒரே மூக்கை ஒட்டிவைத்ததுபோல. நடைகூடத்துச் சுவரருகே, நிழலில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் வைத்து, பிள்ளையின் கண்மட்டத்தில் மீண்டும் எடுத்துத் தரும்படி கேட்டோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு படங்கள், ஒன்று வாய்மூடி இயல்பாக, மற்றொன்று சிரித்தபடி. சிரிக்கும்போது உதடுகள் மேலே இழுபட்டு அளவு மாறிவிடும் என்பதால், அளவை இயல்பான படத்திலிருந்தும் முகபாவத்தைச் சிரித்த படத்திலிருந்தும் எடுத்தோம்.

வரைந்தவர்கள் இருவர், நானும் என் சக ஊழியரான அக்காவும். இருவர் கை ஒரு பக்கத்தில் பட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது காதுதான். அக்கா காதின் உட்புறத்தை ஒரே வளைகோட்டில் முடிப்பார், நான் இரண்டு கோடுகள் போடுவேன். அச்சில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வேறுபாடு, ஆனாலும் பக்கத்தை விரித்ததும் இரண்டு வேறு வகுப்புகள் கலந்து நிற்பதுபோல் இருக்கும். ஆகவே காது, கண்ணிமை, முடியின் உட்கோடு, சீருடைக் கழுத்துப்பட்டை ஆகிய நான்கையும் எப்படி வரைவது என்று ஒரு தாளில் வரைந்து ஒட்டிவைத்துக்கொண்டோம். வெளிக்கோடு 0.75 புள்ளி, உட்கோடு 0.5 புள்ளி. இரு மடங்கு அளவில் வரைந்து பக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் பாதியாக்கினோம். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் Scale Strokes & Effects என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே கோட்டின் தடிப்பும் சேர்ந்து குறையும். சில முகங்களை அது இல்லாமலும் சிலவற்றை அதோடும் சிறிதாக்கினால், சில பிள்ளைகள் தார் பூசியதுபோல் கனத்த கோட்டோடு நிற்பார்கள்.

மிகைப்படுத்தலுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளியது. ஒரு முகத்தில் ஒரே ஓர் அம்சம், அதுவும் புகைப்படத்தில் உள்ளதைவிடக் கால் பங்குக்கு மேல் மிகாமல். எந்த அம்சம் என்பதை மட்டும் நாங்கள் தனியாக முடிவுசெய்யவில்லை. வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் மற்றவர்கள் எதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று கேட்டோம். அந்தப் பதில்கள் எல்லாம் வரையக்கூடாதவற்றின் பட்டியலாயின.

ஒரு பையனுக்குக் காதுகள் விரிந்து நிற்கும். எந்தக் கேலிச்சித்திரக்காரரின் கையும் முதலில் அங்கேதான் போகும். "அவனைக் கூப்பிடுகிற பெயரே அதை வைத்துத்தான், அது மட்டும் வேண்டாம்," என்றார் டீச்சர். காதை மிகைப்படுத்தாமல் விடுவது ஒன்று, சிறிதாக்கி மறைப்பது இன்னொன்று. மறைத்திருந்தால் அவன் அதையும் கண்டுபிடித்திருப்பான், அந்தக் காது மறைக்க வேண்டிய ஒன்று என்று நாமே சொன்னதாகிவிடும். அதனால் காதை உள்ளது உள்ளபடி வரைந்தோம். விடை தெரிந்த கேள்வி வரும்போது அவனுடைய இடப்புருவம் தனியாக ஏறும் என்று டீச்சர் சொன்னார். சிரித்த படத்திலும் அது லேசாகத் தெரிந்தது. அந்தப் புருவத்தைக் கால் பங்கு உயர்த்தினோம். பார்ப்பவர் கண் நேராகப் புருவத்துக்குப் போய், அங்கிருந்து சிரிப்புக்கு இறங்கியது, காது முகத்தின் ஒரு பகுதியாக அதனதன் இடத்தில் இருந்தது. பிள்ளைகளின் செயலில் தெரியும் அம்சங்கள், புருவம், கன்னம் மேலேறும் சிரிப்பு, தலையைச் சாய்க்கும் வழக்கம், மூக்குக்கண்ணாடி சரியும் விதம், இவையே எனக்கு எப்போதும் நம்பகமானவை. எலும்பும் சதையும் பிள்ளை தேர்ந்துகொண்டவை அல்ல.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 24 பேருக்கும் ஒரே பழுப்பை ஊற்றுவது சோம்பல், எல்லோரையும் ஒரு படி வெளுப்பாக்குவது அதைவிடக் கேடு. ஒரே நிழலில் எடுத்த படங்களிலிருந்து ஐந்து நிறங்களை வகுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் மிக நெருங்கியதைக் கொடுத்தோம். மலர் அச்சாகும் சிமிலி தாள் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், திரையில் பார்த்ததைவிட நிறம் இருண்டுபோகும், கருநிறப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணும் உதடும் அடையாளம் இல்லாமல் மூழ்கிவிடும். இதைத் தடுக்க முகத்தை வெளுப்பாக்க வேண்டியதில்லை. தோல் நிறத்தில் கறுப்பு மையை அறவே சேர்க்காமல் மஞ்சள், மெஜந்தா, சிறிதளவு சியான் மட்டும் கலந்தோம், கோடுகளை மட்டும் முழுக் கறுப்பில் வைத்தோம். அடர்ந்த நிறத்திலும் இமைக்கோடு பிரிந்து தெரிகிறதா என்று அதே தாளில் மாதிரி அச்செடுத்துப் பார்த்தோம். இரண்டு நிறங்களில் சியானைக் குறைக்க வேண்டியிருந்தது.

பக்கம் சேர்ந்ததும் மாதிரி அச்சைச் சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்போம். எந்த முகம் முதலில் கண்ணில் அறைகிறதோ அதில் ஏதோ மிஞ்சியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் கடைசிப் பத்தியில் ஒரு பெண்பிள்ளை அப்படித் தெரிந்தாள். அளந்தால் 7 மில்லிமீட்டர் சரியாகத்தான் இருந்தது. முழுக் கறுப்பாக நிரப்பிய அவளுடைய பின்னல்களே காரணம். மற்றவர்களின் முடியில் வெள்ளை ஒளிக்கீற்றுகள் இருந்தன, அவளுடையதில் இல்லை. இரண்டு கீற்றுகள் வெட்டியதும் அவள் வரிசையோடு சேர்ந்துகொண்டாள். அவள் முகம் பக்கத்துக்கு வெளியே பார்த்தபடி இருந்ததால் முதல் பத்தியில் இருந்த இன்னொருத்தியோடு இடம் மாற்றினோம். சட்டைப்பை இருக்கும் பக்கம் மாறிவிடும் என்பதால் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பவில்லை.

கடைசியாக, ஒவ்வொரு பிள்ளையின் சித்திரத்தையும் தனித்தனித் துண்டுத்தாளில் அச்சிட்டு ஆசிரியரிடம் கொடுத்தோம். வகுப்பு முழுவதும் கூடி நிற்கும்போது காட்டினால் கூட்டத்தின் சிரிப்புக்குப் பயந்து எல்லோரும் "சரி டீச்சர்" என்றுதான் சொல்வார்கள், ஆகவே ஒவ்வொருவரையும் மேசைக்கு அழைத்துத் தனியாகக் காட்டச் சொன்னோம். மூன்று பேர் மாற்றம் கேட்டார்கள். ஒருத்திக்குப் பல்கம்பி வேண்டும், அதை நாங்கள் விட்டுவிட்டோம் என்றாள். ஒருவனுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டாம், படம் எடுத்த அன்று மட்டும்தான் போட்டிருந்தானாம். மூன்றாமவன் தன் சிரிப்பு இன்னும் பெரிதாக வேண்டும் என்றான். கால் பங்கு எல்லையை அவனுக்காகவும் தாண்டவில்லை, ஆனால் கன்னத்தில் விழும் மடிப்புக்கோட்டைச் சற்று நீட்டியதும் அதே வாய் பெரிதாகச் சிரித்தது. திருத்திய பக்கத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட பிறகே கோப்பை அச்சுக்கு அனுப்பினோம்.