தானே உடைந்த பைப்

அக்னி நட்சத்திரம் வந்தால் எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு மொட்டைமாடி அம்மாவின் ஆட்சிக்குப் போய்விடும். பழைய புடவை, நான்கு மூலைக்கும் செங்கல் துண்டு, நடுவில் கூழ் வடாம். நேற்று காலை எட்டரைக்கு மாடிப்படியில் தண்ணீர் அருவி மாதிரி இறங்க, ஓடிப்போய்ப் பார்த்தால் டேங்க்கிலிருந்து வரும் வெள்ளை பைப் பிளந்து பீய்ச்சுகிறது. வடாமெல்லாம் மறுபடி கூழாகி, வடிகால் ஓட்டையை நோக்கி ஊர்வலம் போகிறது.

"தானே உடைஞ்சுதுடா" என்றார் அம்மா.

தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30-ல். அன்றைக்குப் பழைய டேங்க்கே பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கை மேல் உட்கார்ந்தது. அந்த டேங்க் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை, அது தனிக் கதை. இந்த பைப் அதற்கடுத்த மாதம் போட்டது. அதற்குப் பிறகு வந்த மழை காற்றையெல்லாம் அசையாமல் பார்த்த பைப், தானே உடையுமா? கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு செங்கல் துண்டு கிடந்தது. புடவையின் மூன்று மூலையில்தான் கல் இருந்தது. மதில் மேல் ஒரு காக்காய், எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற முகத்தோடு.

பிளம்பர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு அம்மா பக்கம் சாய்ந்துவிட்டார். "கல்லு மேல தப்பில்ல சார், பைப் எப்பவோ செத்துப்போச்சு." தடவிப் பார்க்கச் சொன்னார். சாக்பீஸைத் தொட்ட மாதிரி விரலில் வெள்ளை மாவு. வெயில் படுகிற மேல்பக்கம் டீக்கறை நிறத்தில் இருக்க, அடிப்பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் பிளாஸ்டிக்கின் கண்ணியை மேலிருந்து அறுத்துக்கொண்டே வரும். தடுப்பதற்காக வெள்ளை பைப்பில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருப்பார்கள், ஆனால் அதுவும் எத்தனை கோடைக்குத் தாங்கும்? கெட்டுப்போவது மேல்தோல்தான், ஒரு தலைமுடி கனம் இருக்கும். அதனால்தான் உள்ளே தண்ணீர் அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்கிக்கொண்டே இருக்கிறது, நாமும் நன்றாக இருப்பதாக நம்பிக்கொண்டே இருக்கிறோம். அடி ஒன்று விழுந்தால் கதை வேறு. மிக்சர் பாக்கெட் ஓரத்தில் சின்ன வெட்டு இருக்குமே, அதைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று அடிவரை கிழியுமே, அதே வேலைதான். மேல்தோலில் இருக்கும் நுண்ணிய வெடிப்பிலிருந்து விரிசல் கிளம்பி, நல்லதாக இருக்கும் உள்பகுதியையும் பிளந்துவிடுகிறது.

அரையடியை வெட்டி ஒரு கப்ளிங் போட்டால் முடிந்தது என்று நான் இருநூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டிருந்தேன். ஹேக்ஸா பிளேடை வைத்து மூன்றாவது இழுப்பிலேயே விரிசல் இன்னும் ஒரு அடி ஓடியது. அதைத் தாண்டி வைத்தார், சில்லு சில்லாகத் தெறித்தது. இப்படியே விரிசல் துரத்த, நாங்கள் பின்வாங்க, கடைசியில் டேங்க் நிழலுக்குள் போய்ச் சேர்ந்தோம். அங்கே மட்டும் ரம்பம் வழவழவென்று இறங்கியது. அதே பைப், அதே வயசு, பதின்மூன்று வருஷத்துக்கு மேல் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்ட பைப்! வெயிலில் கிடந்த பதினெட்டு அடியையும் தூக்கிவிட்டு, பத்தடி லெங்த் இரண்டு வாங்கவேண்டியதாயிற்று.

புதுசுக்கு அடிக்கலாம் என்று, கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமலை எடுத்துவந்தேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை அம்மா ரசித்தார். எண்ணெய் பெயின்டில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்குக்கு ஆகாதாம். அடர்ந்த நிறம் வேறு சூட்டை இழுத்து பைப்பைத் தொய்ய வைக்குமாம். தண்ணீரில் கலக்குகிற வெளிச்சுவர் எமல்ஷன், அதிலும் வெள்ளை, அதுதான் சரி. பைப்பின் பளபளப்பில் பெயின்ட் ஒட்டாது என்பதால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் இரண்டு கோட்டிங். உரிந்தால் மறுபடி அடிக்கவேண்டும். பக்கத்துப் போர்ஷனுக்குப் போகும் பழைய பைப்புக்கும் அடித்துவிடலாமா என்றேன். "அடிக்கலாம் சார், இனிமே கெடாது. ஆனா போன பலம் திரும்பாது."

ஐந்து மணிக்கு இரண்டாவது கோட்டிங் முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அதே காக்காய் வந்து ஈரப் பெயின்டில் உட்கார்ந்து, மூன்றடி நடந்து, கால் தடம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அம்மா கையில் செங்கல் துண்டு.

"அம்மா!"

கையை இறக்காமல் கேட்டார்: "புதுசுதானே, இப்ப உடையாதுல்ல?"