20 செ.மீ. எவர்சில்வர் உருண்டை எவ்வளவு மின்னூட்டம் தாங்கும்?

கேட் தூணுக்கு மேலே வைக்கிற எவர்சில்வர் உருண்டை ஒன்றைக் காரைக்குடியில் வாங்கி, வீட்டில் செய்த வான் டி கிராஃப் ஜெனரேட்டருக்குத் தலையாக மாட்டியிருக்கிறேன். குறுக்களவு 20 செ.மீ., தாங்கி நிற்பது பிவிசி குழாய், பெல்ட்டைச் சுற்றுவது தையல் மெஷின் மோட்டார்.

இதில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை முடிவு செய்வது உலோகம் இல்லை, சுற்றியிருக்கிற காற்று. காற்றில் எப்போதும் சில எலக்ட்ரான்கள் தனியாகத் திரியும். மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டைத் தொட்டதும், அவை ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவிலேயே இன்னொரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும் வேகத்தைப் பெற்றுவிடுகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகி, காற்றே கடத்தியாகிவிடும்.

உருண்டையின் மேற்பரப்பில் புலம் அந்த அளவைத் தொடும்போது இருக்கிற மின்னூட்டம்தான் எல்லை:

```
Q = E × R² ÷ k
  = 3×10⁶ × 0.1² ÷ 9×10⁹
  = 3.3×10⁻⁶ C
V = E × R = 300000 V
```

அதாவது 3.3 மைக்ரோகூலும். 3 லட்சம் வோல்ட் என்று கேட்டால் மிரட்டும், ஆனால் மொத்த ஆற்றல் அரை ஜூல்தான்.

அளக்கிற வழி எளிது. 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரின் ஒரு காலை எர்த்தில் கட்டி, இன்னொரு காலை ஒரு சிறிய உலோகக் குண்டில் கட்டினேன். மோட்டாரை நிறுத்தியதும் அந்தக் குண்டை நீளமான பிளாஸ்டிக் கம்பால் உருண்டையிடம் கொண்டுபோனால் பொறி பறந்து, மின்னூட்டம் ஏறக்குறைய முழுவதும் கெப்பாசிட்டருக்கு வந்துவிடும். மல்டிமீட்டரைப் பொறி அடங்கிய பிறகுதான் வைக்க வேண்டும். அதில் 100 மில்லிவோல்ட் காட்டினால் 1 மைக்ரோகூலும்.

முதலில் கிடைத்தது 120 மில்லிவோல்ட், அதாவது 1.2 மைக்ரோகூலும். கணக்கில் பாதிகூட இல்லை! ராத்திரி விளக்கை அணைத்துப் பார்த்தேன். பெல்ட் நுழைகிற ஓட்டையின் விளிம்பில் மெல்லிய ஊதா ஒளி, கூடவே 'உஸ்' என்ற சத்தம், ஓசோன் வாடை. வளைவு கூர்மையாகிற இடத்தில் புலம் பல மடங்கு ஏறுவதால், மற்ற இடங்கள் எல்லையை நெருங்குவதற்கு முன்பே அங்கே கசிய ஆரம்பித்துவிடும். பெல்ட் கொண்டுவருவதும் கசிவதும் சமமானதும் அதற்கு மேல் ஏறாது. விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டித் தட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன்.

இன்னொன்று, அந்தச் சூத்திரம் தனியாக நிற்கிற உருண்டைக்குத்தான் பொருந்தும். எங்கள் வளவின் ஜன்னல் இரும்புக் கம்பிகள் பக்கத்தில் இருந்ததால் எதிர் மின்னூட்டம் தூண்டப்பட்டு, அந்தப் பக்கம் மட்டும் புலம் கூடியது. முற்றத்து நடுவுக்கு நகர்த்தி, குழாயை ஸ்பிரிட்டால் துடைத்து, வெயில் காய்ந்த மத்தியானத்தில் ஓட்டியபோது 200 மில்லிவோல்ட் வந்தது. ஈரம் காற்றின் தாங்குதிறனைப் பெரிதாகக் குறைப்பதில்லை, குழாய் மேல் படலமாகப் படிந்து எர்த்துக்கு வழி விடுவதுதான் தொல்லை.

அடுத்து 30 செ.மீ. உருண்டை. ஆரம் ஒன்றரை மடங்கானால் எல்லை 7.5 மைக்ரோகூலுமுக்கு, அதாவது இரண்டேகால் மடங்குக்கு ஏறும். ஆற்றல் 1.7 ஜூலை நெருங்குகிறது, அதனால் கம்பை இன்னும் நீளமாக வெட்டி வைத்திருக்கிறேன்.