பெட்ரோல் ரசீதை மட்டும் நீட்டி எட்டு மாதம் ஏமாந்தேன்

மார்ச் மாதம் பின் டயர் மாற்ற பட்டறைக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. 80 வெள்ளி. சொந்தக் காசு. டயரைக் கழற்றிக் காட்டிய பட்டறைக்காரர், "என்ன தம்பி, பத்தாயிரம் கிலோமீட்டருக்குள்ள இப்படி வழவழன்னு ஆயிடுச்சு, பாரம் ஏத்துறீங்களா?" என்று கேட்டார். ஏற்றுகிறேன்தான். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் குளிர்சாதன உதிரிபாகம் விற்கும் சின்னக் கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் போகாத சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் என் 150 சிசி பைக்தான் போகும். துவாஸில் ஒரு கம்ப்ரசர் பாகம், உட்லண்ட்ஸில் ஒரு கையெழுத்து, தோ பாயோவில் ஒரு வால்வு என்று மாதம் 500 கிலோமீட்டரை ஒட்டி ஓடிவிடும்.

இதற்கு எனக்குக் கிடைத்தது பெட்ரோல் காசு மட்டும், அதுவும் சண்டை போட்டு. ரசீது எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்தால் கணக்குப் பார்க்கும் அக்கா, "இதுல நீ வீட்டுக்குப் போனது எவ்வளவு, ஆபீசுக்குப் போனது எவ்வளவு?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது. அவரே குத்துமதிப்பாக முப்பது வெள்ளி சொச்சம் போட்டுத் தருவார். அவர்மேல் குற்றமில்லை. பெட்ரோல் ரசீது என்பது டேங்க் நிரப்பியதற்குச் சாட்சி, எங்கே ஓடியது என்பதற்குச் சாட்சி கிடையாது. யாராவது இன்னமும் ரசீது ஒட்டிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். கிலோமீட்டர் கணக்குதான் எடுபடும்.

டயர் மாற்றிய அன்று இரவே உட்கார்ந்து கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று போட்டேன். முதலில் பெட்ரோல். விளம்பரத்தில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று பார்த்த நினைவை நம்பவில்லை. பம்பில் துப்பாக்கி தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த முறை அதே பம்பில் அதே மாதிரி நிரப்பிப் பார்த்தேன். மூன்று தடவை செய்த சராசரி 35 தான் வந்தது. பின்னால் பெட்டி, அதற்குள் இரும்பு, சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டம், வேறெப்படி வரும்? அப்போது பலகை விலை 2.85 வெள்ளி, கார்டு தள்ளுபடி போக நான் கட்டியது 2.45. கையிலிருந்து போனதைத்தான் போட வேண்டும், பலகை விலையைப் போட்டால் அக்கா பிடித்துவிடுவார். 2.45-ஐ 35-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 7 காசு.

அடுத்தது தேய்மானம். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் 36 வெள்ளி, அது 1.2 காசு. பின் டயர் 80 வெள்ளிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர், 0.8 காசு. முன் டயர், செயின் செட், பிரேக் பேட், பிளக் எல்லாவற்றையும் பட்டறை ரசீதுகளை வைத்து இதே மாதிரி வகுத்துக் கூட்டினால் இன்னும் 2 காசு. ஆக மொத்தம் 4 காசு. பெட்ரோலோடு சேர்த்து 11 காசு. இந்த 11 காசில் யாரும் வாதாட முடியாது, ஓடினால்தான் செலவு, ஓடாவிட்டால் இல்லை.

வாதம் வருவது வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயில். நான் இந்த பைக்கை ஏழு வருட சிஓஇ மிச்சமிருக்கும்போது 8,400 வெள்ளிக்கு வாங்கினேன். காருக்குக் கிடைக்கிற பதிவுக் கட்டணத் தள்ளுபடி மோட்டார்சைக்கிளுக்குக் கிடையாது, சிஓஇ முடிந்தால் இரும்பு விலைதான். ஆக, ஓட்டினாலும் சும்மா நிறுத்தினாலும் மாதம் 100 வெள்ளி கரைகிறது. காப்பீடு மாதக் கணக்கில் 26 வெள்ளி, சாலை வரியும் வருடாந்திரச் சோதனையும் சேர்ந்து 7 வெள்ளி. மொத்தம் 133. வீட்டுக்குக் கீழே நிறுத்தும் மாதாந்திரக் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை, அது என் வசதிக்கு.

பாஸ் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: "பைக் உன்னுது, எப்படியும் வச்சிருக்கப்போற. அதுக்கு நான் எதுக்குக் கொடுக்கணும்?" நான் சொன்னது இதுதான்: முழுசாகக் கேட்கவில்லை பாஸ், ஓட்டத்தில் கம்பெனி பங்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் கொடுங்கள். மாதம் 1,400 கிலோமீட்டர் ஓடினால் 133 வெள்ளி கிலோமீட்டருக்கு 9.5 காசு. 11-உம் 9.5-உம் 20.5. அவர் 20 என்றார், சரி என்றேன்.

சொல்வது சுலபம். அந்த 1,400-க்கு வந்து சேருவதற்குள் ஒரு தடவை அவமானப்பட்டுவிட்டேன். முதலில் நான் பிப்ரவரி மாத ஓட்டத்தை வைத்துப் போட்டிருந்தேன். சீனப் புத்தாண்டு விடுமுறை, மொத்தமே 700 கிலோமீட்டர். 133-ஐ 700-ஆல் வகுத்தால் 19 காசு வரும், ஆக மொத்தம் 30 காசு என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன். அக்கா ஒரே பார்வையில், "அடுத்த மாசம் நிறைய ஓடினா இருபது ஆயிடுமே, மாசாமாசம் ரேட்டை மாத்துவியா?" என்றார். பாஸ் முன்னால் அப்படிக் கேட்டபோது முகம் சுருங்கிவிட்டது. நிலையான செலவை ஒரு மாத ஓட்டத்தால் வகுக்கவே கூடாது, ஒரு வருட ஓட்டத்தால்தான் வகுக்க வேண்டும்.

ஆனால் போன வருட மீட்டர் எண்ணை யார் எழுதி வைத்தார்கள்? அதற்கும் பட்டறை ரசீதுதான் கைகொடுத்தது. சர்வீஸ் விடும்போதெல்லாம் மூலையில் மீட்டர் எண்ணைக் கிறுக்கி வைப்பார்கள். போன மார்ச் 31,250, இந்த மார்ச் 48,050. வித்தியாசம் 16,800, பன்னிரண்டால் வகுத்தால் 1,400. அந்த இரண்டு எண்ணெய்க் கறைத் தாளையும் அக்கா மேசையில் வைத்தபோது அவர் மறுபேச்சு பேசவில்லை. பட்டறை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த அடி கிலோமீட்டரில் விழுந்தது. ஏப்ரலுக்கு 620 கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா 160-ஐச் சிவப்பில் அடித்துவிட்டார். கோபத்தோடு போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக ஒரு பயணத்தை எடுத்துக் காட்டினார். என் வீடு ஈசூனில். காலையில் நேரே உட்லண்ட்ஸ் போய்ப் பொருளைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் வந்த நாள் அது. வீட்டிலிருந்து உட்லண்ட்ஸ் 9, அங்கிருந்து காக்கி புக்கிட் 25, ஆக 34 என்று போட்டிருந்தேன். "வேலை இல்லாட்டியும் நீ ஈசூன்ல இருந்து இங்க 18 கிலோமீட்டர் வந்துதானே ஆகணும்? அதிகமா ஓடினது 16தான்." அவர் சொன்னது சரி. வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே ஓடுவது சொந்தப் பயணம். அதற்குக் கம்பெனி கொடுத்தாலும் வருமான வரியில் அது சம்பளம் மாதிரிதான். அன்று போன வேகத்தில் வாயை விட்டிருந்தால் இன்று அவர் முகத்தில் விழிக்க முடியாது. ஏப்ரலுக்கு 460 கிலோமீட்டர், 92 வெள்ளி கிடைத்தது. பார்க்கிங்கும் சாலைக் கட்டணமான இஆர்பியும் இதில் சேராது, அவற்றைத் தனியாகப் போடுவேன், உள்ளது உள்ளபடி. வீவக பேட்டையில் ஒரு பகலுக்கு 65 காசு என்றாலும் எழுதுகிறேன்.

மே மாதம் பாஸ் கூப்பிட்டு, "இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு, மாசம் நூறு வெள்ளி போட்டுடுறேன், முடிஞ்சுது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். 92-ஐவிட 100 பெரியது என்று நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். அக்காதான் மதியச் சாப்பாட்டின்போது தடுத்தார்.

ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்றபடி கொடுத்தால் அது செலவைத் திருப்பிக் கொடுப்பது. அதற்கு சேமநிதியான சிபிஎஃப் கிடையாது, வருமான வரியும் கிடையாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் நூறு என்றால் அது போக்குவரத்துப் படி, சம்பளத்தோடு சேர்ந்துவிடும். என் வயதுக்கு 20 விழுக்காடு சிபிஎஃப் பிடிப்பார்கள், கையில் 80 வெள்ளி. அந்த இருபது என் கணக்கில்தான் இருக்கும், ஆனால் அதை வைத்துப் பெட்ரோல் போட முடியாது. பாஸ் தன் பங்கு 17 விழுக்காடு கட்ட வேண்டும், அவருக்கு 117 ஆகும். கொடுப்பவருக்கும் கூடுதல், வாங்குபவருக்கும் குறைவு. மேலும் துவாஸுக்குக் கூடுதலாக நாலு தடவை போகிற மாதத்தில் நூறு போதாது, போய்வரவே ஒரு தடவைக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அக்கா இந்த 117-ஐப் பாஸிடம் சொன்னதுமே பேச்சு முடிந்துவிட்டது. இதே மாதிரி மொத்தமாகப் பேசுகிற முதலாளி உங்களுக்கு வாய்த்தால் அவர் செலவிலிருந்து தொடங்குங்கள்.

பழைய எட்டு மாதத்துக்கு மீதியைக் கேட்டேன். பதிவு எங்கே என்றார்கள். வாட்ஸ்அப்பில் பொருளை ஒப்படைத்த படங்கள் இருந்தன, தேதியும் இடமும் தெரிந்தன. அதை வைத்து மூன்று மாதத்தை மீட்டெடுத்தேன். மீதி ஐந்து மாதப் படங்கள் கைப்பேசி மாற்றியபோது போய்விட்டன, காசும் போனது. இன்னும் வயிறு எரிகிறது. இப்போது பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு. தேதி, எங்கே, எதற்கு, கிளம்பும்போது மீட்டர், வந்து சேரும்போது மீட்டர். ஆபீஸ் வாசலில் இறங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன், மறுநாளுக்கு வைத்தால் மறந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான், நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள், காப்பீட்டுச் சான்றிதழை எடுத்துப் படித்தேன். எதற்கெல்லாம் ஓட்டலாம் என்று ஒரு பத்தி இருக்கும். என்னுடையதில் சொந்த உபயோகமும் வேலைக்குப் போய்வருவதும் மட்டுமே இருந்தன. கம்பெனிப் பொருளை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் இத்தனை மாதம் ஓடியிருக்கிறேன். ஏதாவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கை நடுங்கியது. உடனே அழைத்துக் கேட்டேன், வேலைப் பயன்பாட்டைச் சேர்க்க வருடம் 48 வெள்ளி கூடுதல் என்றார்கள். இதைக் கிலோமீட்டரில் பங்கு போடவில்லை. கம்பெனி வேலை இல்லாவிட்டால் இந்த 48 வெள்ளி வந்தே இருக்காது, அதனால் முழுசும் கம்பெனி கணக்கு என்று எழுதி, புதுச் சான்றிதழின் நகலோடு பாஸ் மேசையில் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.