விழாவுக்கு ரோஜா வாங்கியதும், ஒரு நாள் முழுக்க வாடாமல் நிறுத்தியதும்

இந்த வருடம் விழா மண்டபத்தில் மேசைப் பூக்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். 12 ஜாடிகள், ஒவ்வொன்றிலும் 9 ரோஜா, 4 சாமந்தி, 3 ஜெர்பரா. காலையில் ஆட்கள் வரத் தொடங்கியதிலிருந்து இரவு விளக்கை அணைக்கும் வரை பூக்கள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. மறுநாள் எப்படி ஆனாலும் கவலையில்லை.

கணக்குப்படி 108 ரோஜா போதும், ஆனால் 120 சொன்னேன். வரும் வழியில் நசுங்கியது, கழுத்து ஒடிந்தது, மொட்டிலேயே நின்றுவிட்டது என்று பத்தில் ஒன்று கழியும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஜெர்பராவின் தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதால் சீக்கிரம் மடங்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே கூட்டிச் சொன்னேன்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பூக்காரரிடம் பேசிவிட்டேன். "இவ்வளவு சீக்கிரமாவா, அக்கா?" என்று சிரித்தார். ஆனால் விழா நேரத்து விலை ஏற்றம் கடையில் ஆரம்பிப்பதில்லை, தோட்டத்தில் ஆரம்பிக்கிறது. ரோஜாச் செடியில் ஒரு கிளையை வெட்டிவிட்டால் அதில் அடுத்த பூ வர சுமார் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், குளிர் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். விழாத் தேதிக்கு எத்தனை பூ வரும் என்பது கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பு கவாத்து செய்தபோதே தீர்மானமாகிவிட்ட விஷயம். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்கிறார்கள் என்பதற்காகச் செடி கூடுதலாகப் பூக்காது. வரத்து அதே அளவு, கேட்பவர்கள் பல மடங்கு. இடையில் நாலு நாள் வெயில் இல்லாமல் மூட்டமாக இருந்து மொட்டு தாமதமானால் விலை இன்னும் எகிறும். விழா முடிந்த அன்று மாலையே அது தடாலென்று விழுவதற்கும் இதேதான் காரணம், செடி தேதி பார்க்காமல் பூத்துக்கொண்டே இருக்கிறது, வாங்கத்தான் ஆள் இல்லை.

ஆர்டர் கொடுக்கும்போது ஒரு கேள்வியை நேராகவே கேட்டேன்: முன்பணம் கொடுத்தால் விலை இன்றே முடிவா, இல்லை அன்றைய விலையா? நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். அன்றைய விலை என்றால் நமக்குப் பூ கிடைக்கும் என்பதுதான் உறுதி, விலையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. நான் விலையையும் சேர்த்து முடிவு செய்து எழுதி வாங்கிக்கொண்டேன். அதற்காக அவர் சாதாரண நாள் விலையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டார். அது நியாயம்தான், ஏறினால் நட்டம் அவருக்கு.

செலவைக் குறைத்தவை வேறு இரண்டு. ஒன்று, காம்பின் நீளம். ரோஜாவைக் காம்பு நீளத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள், 40 செ.மீ., 50 செ.மீ., 60 செ.மீ. என்று, நீளம் கூடக் கூட விலையும் கூடும். என் ஜாடியோ சின்னது, 60 வாங்கினால் பாதிக் காம்பை வெட்டிக் குப்பையில் போட வேண்டியதுதான், அதனால் 40 போதும் என்றேன். இன்னொன்று நிறம். விழாவுக்கு எல்லோரும் கேட்கிற நிறத்தில்தான் ஏற்றம் அதிகம். நான் சந்தன நிறமும் வெளிர் ஆரஞ்சும் கலந்து கேட்டேன், அதில் அவ்வளவு நெருக்கடி இல்லை.

பூ வரவேண்டிய நாள் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில். இறுகிய மொட்டு மலர்வதற்கும் தண்ணீர் குடித்துத் தேறுவதற்கும் அவகாசம் வேண்டும், முந்தின நாள் வந்தால் அது போதாது.

வந்ததும் கட்டைப் பிரிக்கும் முன்பே பூக்காரர் கண் முன்னால் சோதித்தேன். ரோஜாவின் அடிப்பாகத்தை, அதாவது பச்சை இதழ்களுக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் புதுசு, பஞ்சு போல அமுங்கினால் விலை ஏறட்டும் என்று குளிர் அறையில் நாள் கணக்கில் கிடந்த பூ. காம்பின் அடியைத் தொட்டால் வழுவழுப்பாக இருப்பது, இலை மஞ்சளிப்பது எல்லாம் அதே கதைதான். வெளி இதழ் மட்டும் பச்சையும் பழுப்புமாகக் கசங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், அது உள்ளே இருக்கும் இதழ்களைக் காக்கிற இதழ், கிள்ளிப் போட்டுவிடலாம். ஒரு கட்டில் பாதிக்கு மேல் அமுங்கியது, அதை மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் வாளி வேலை. வாளிகளைச் சோப்பு போட்டுத் தேய்த்து, பிளீச் கலந்த தண்ணீரில் அலசினேன். வெட்டுப்பூ வாடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் இல்லாதது அல்ல, தண்ணீர் மேலே ஏற முடியாதது. காம்புக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் காற்றுக்குமிழோ பாக்டீரியாவோ அடைத்துவிடுகிறது. அதனால் தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளையெல்லாம் உருவிவிட்டு, ஒவ்வொரு காம்பின் அடியிலும் 2 முதல் 3 செ.மீ. வரை கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டி, உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கினேன். வெட்டிவிட்டு மேசையில் குவித்து வைத்தால் வெட்டுவாயில் மறுபடியும் காற்று புகுந்துவிடும். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும், அதைத் தொடவே வேண்டாம். தண்ணீரில் பூவோடு வந்த உணவுப் பொடியைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கரைத்தேன். அதில் சர்க்கரை, அமிலம், கிருமிக்கொல்லி மூன்றும் இருக்கும். வெறும் சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து.

சாமந்திக்குக் காம்பின் அடி மரம்போல் இறுகியிருக்கும், பச்சையாக இருக்கிற இடம் வரை ஏறி வெட்டினேன். அதில் பூவுக்கு முன்னால் இலைதான் வாடும், எனவே இலையை நிறையவே எடுத்துவிட்டேன். ஜெர்பராவுக்கு மட்டும் தண்ணீர் கொஞ்சமாக, ஒரு சாண்கூட வேண்டாம், நாலு விரல் உயரம். அதன் தண்டில் மென்மையான ரோமம் இருக்கிறது, ஆழமாக நின்றால் அழுகிவிடும். எல்லாவற்றையும் இருட்டான, குளிர்ச்சியான அறையில் இரவு முழுக்க விட்டேன்.

மறுநாள் காலையில் ஆறு ரோஜாக்கள் கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தன. அடைப்பு ஏற்பட்டிருப்பதன் அடையாளம் அது. காம்பை மறுபடி வெட்டி, தலை நேராக நிற்கும்படி செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, கழுத்து வரை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினேன். மதியத்துக்குள் நான்கு நிமிர்ந்துவிட்டன. மற்ற இரண்டில் கழுத்தே மெலிந்து பழுத்திருந்தது, அந்த நிலைக்குப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

அன்று மாலையே ஜாடிகளில் அடுக்கி முடித்தேன். விழா நாளில் வேலை கொஞ்சம்தான். மின்விசிறி நேராக அடிக்கும் மேசைகளை நகர்த்தச் சொன்னேன், பழத்தட்டுகளையும் ஜாடிக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தேன். பழுத்த பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைக்கும். மதியம் ஒரு சுற்று போய்த் தண்ணீர் ஊற்றினேன், ஜாடி சின்னதென்பதால் ரோஜா காலையிலேயே பாதியைக் குடித்திருந்தது. இரவு மண்டபத்தைப் பூட்டும்போது ஜெர்பராவில் நாலைந்து சாய்ந்திருந்தன, ரோஜாவும் சாமந்தியும் அப்படியே நின்றன. அடுத்த முறை ஜெர்பராவை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் சாமந்தியே வைப்பேன், விலையும் குறைவு, தொல்லையும் இல்லை.