ஒரே ஒரு மணல் வடிகட்டியை வைத்து பி அண்ட் ஐடி படித்தேன்

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது, குழாய்கள், வால்வுகள், கருவிகள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் பி அண்ட் ஐடி ட்ராயிங்கை முதல் தாளிலிருந்து வரிசையாகப் படிக்கத்தான் நினைத்திருந்தேன். ஷிப்ட் இன்சார்ஜ் அண்ணன் வேறு வழி சொன்னார். "தம்பி, எல்லாத்தையும் பார்க்காதே. ஒரு ஃபில்டரை எடுத்துக்க. தண்ணி எங்கே உள்ளே வருது, எங்கே வெளியே போகுதுன்னு விரலை வெச்சுப் போ." அந்த ஒரு வடிகட்டி பிடிபட்ட பிறகு மற்ற தாள்கள் தானாகவே புரிய ஆரம்பித்தன. அதனால் நானும் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, குறியீடுகளுக்கு அர்த்தம் சொல்லும் லெஜண்ட் ஷீட். ISA-5.1 என்று ஒரு தரநிலை இருந்தாலும், வரைகிற நிறுவனத்துக்கு நிறுவனம் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும். இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை தொட்டு நின்றால் அது வால்வு. நடுவில் எதுவும் இல்லையென்றால் கேட் வால்வு, கறுப்புப் புள்ளி இருந்தால் குளோப் வால்வு, வெறும் வட்டம் இருந்தால் பால் வால்வு. எங்கள் ட்ராயிங்கில் இரண்டு முக்கோணமும் முழுக்கக் கறுத்திருந்தால், சாதாரண ஓட்டத்தில் மூடியே இருக்கும் வால்வு என்று பொருள். சில ட்ராயிங்குகளில் கறுப்பாக்காமல் பக்கத்தில் NC என்று மட்டும் எழுதியிருப்பார்கள். லெஜண்டைப் பார்க்காமல் இதை ஊகிக்கக் கூடாது.

வால்வின் உடலைவிட அதன் தலையில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு அதிகம் உதவியது. திருப்புவது யார் என்பதை அதுதான் சொல்கிறது. தலையில் T போலக் கோடு இருந்தால் கையால் திருப்புவது. M எழுதியிருந்தால் மோட்டார். குடை போல அரைவட்டம் இருந்தால் காற்றழுத்தத்தில் இயங்கும் டயாஃப்ரம். எங்கள் வடிகட்டியில் தண்ணீர் உள்ளே வரும் வால்வு மோட்டாரில் ஓடுவது, வெளியே போகும் வால்வு காற்றில் ஓடுவது. வெளியே போகும் வால்வின் பக்கத்தில் FC என்று இருந்தது. காற்று போய்விட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். உள்ளே வரும் வால்வில் FL என்று இருந்தது. மின்சாரம் போனால் மோட்டார் வால்வு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நிற்கும்.

அடுத்து வட்டங்கள். வெறும் வட்டம் என்றால் கருவி களத்தில், குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இருந்தால் கண்ட்ரோல் ரூம் பேனலில் இருக்கிறது. வட்டத்தைச் சுற்றிச் சதுரமும் இருந்தால், ஸ்காடா என்ற கணினித் திரையில் பார்த்து இயக்குவது. வட்டத்துக்குள் இருக்கும் முதல் எழுத்து எதை அளக்கிறோம் என்பது. L நீர்மட்டம், F ஓட்டம், P அழுத்தம். அடுத்து வரும் எழுத்துகள் அது செய்யும் வேலையைச் சொல்லும். T அளந்து அனுப்பும், I காட்டும், C கட்டுப்படுத்தும். எங்கள் வடிகட்டிக்கு மேலே LT-301 என்று வெறும் வட்டம். அதிலிருந்து விட்டு விட்டு வரும் கோடு (மின் சமிக்ஞை) சதுரத்துக்குள் இருந்த LIC-301-க்குப் போனது. அங்கிருந்து இன்னொரு கோடு வெளியே போகும் வால்வு LV-301-க்கு வந்தது. மூன்றுக்கும் எண் ஒன்றே என்பதால், மூன்றும் சேர்ந்து ஒரே கட்டுப்பாட்டு லூப்.

இப்போது அந்த லூப்பை வாயால் சொல்லிப் பார்த்தேன். மட்டம் ஏறினால் கண்ட்ரோலரின் அவுட்புட் கூடும், வால்வு கூடுதலாகத் திறக்கும், மட்டம் பழைய இடத்துக்கு வரும். சரி, மணலில் அழுக்கு சேர்ந்தால்? தண்ணீர் இறங்கச் சிரமப்படும், அதை ஈடுகட்ட வால்வு இன்னும் திறந்துகொண்டே போகும். அதாவது திரையில் மட்டம் ஆடாமல் அசையாமல் இருக்கும், ஆனால் அவுட்புட் மெல்ல மெல்ல 60, 80, 95 சதவீதம் என்று ஏறும். மட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். அவுட்புட் 100-ஐத் தொட்ட பிறகு வால்வு திறக்க இடமே இல்லை, அப்போதுதான் மட்டம் ஏற ஆரம்பிக்கும். பக்கத்திலேயே PDT-301 என்று மணலுக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அது சுமார் 2 மீட்டர் நீர்மட்ட அளவை நெருங்கினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே செலுத்தி மணலைக் கழுவ வேண்டும். அவுட்புட் ஏறியும் PDT அசையவில்லை என்றால் சந்தேகம் மணல் மேல் இல்லை, வால்வு சிக்கியிருக்கிறதா, காற்று சரியாக வருகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

அண்ணன் அடுத்துக் கேட்ட கேள்வி இது: "கம்ப்ரசர் நின்னு போச்சு, கரண்டு இருக்கு. என்ன ஆகும்?" ட்ராயிங்கைப் பார்த்தே பதில் சொல்ல முடிந்தது. வெளியே போகும் வால்வு மூடிக்கொள்ளும். உள்ளே வரும் வால்வு திறந்தே இருக்கும். மட்டம் ஏறும். மட்டம் மிக அதிகமானால் இயங்கும் LSHH-301 என்ற ஸ்விட்சிலிருந்து ஒரு கோடு, உள்ளே I எழுதிய வைரக் கட்டத்துக்குப் போகிறது. அதுதான் இன்டர்லாக், ஆபத்து வந்தால் தானாக நடவடிக்கை எடுக்கும் ஏற்பாடு. அங்கிருந்து கோடு உள்ளே வரும் மோட்டார் வால்வுக்குப் போகிறது. ஆக, மோட்டார் அதை மூடிவிடும். கரண்டும் போய்விட்டால் அந்த மோட்டாரால் மூட முடியாது. ஆனால் கச்சா நீர் பம்புகளும் அப்போது நின்றுவிடும், மிச்சம் இறங்கும் தண்ணீருக்கு ஓவர்ஃப்ளோ குழாய் வரைந்திருக்கிறது. வெளியே போகும் வால்வை ஏன் மூடும்படி வைத்தார்கள் என்பதும் இங்கே விளங்கியது. அது திறந்தபடி நின்றால் தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் வேகமாக இறங்கும், சரியாக வடிகட்டாத கலங்கல் நீர் சுத்த நீர்த் தொட்டிக்குப் போய்விடும்.

பம்பு குறியீடு எளிது. வட்டமும் அடியில் தாங்குகால் போல முக்கோணமும் இருந்தால் சென்ட்ரிஃபியூகல் பம்பு. பேக்வாஷ் பம்பு P-302 A/B என்று இருந்தது. ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை. பம்பைத் தாண்டியதும் வரிசையைக் கவனியுங்கள்: பிரஷர் கேஜ், தண்ணீரைத் திரும்பி வரவிடாத செக் வால்வு, அதற்கப்புறம் கை வால்வு. செக் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் உள்ளதை மூட முடிய வேண்டும், அதனால்தான் இந்த வரிசை. A ஓடும்போது நிற்க வேண்டிய B-யின் தண்டு பின்பக்கமாகச் சுற்றினால், B-யின் செக் வால்வு தண்ணீரைத் தடுக்காமல் விடுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், இந்தத் தாளில் இல்லாதவையும் உண்டு. தூரம், உயரம் எதுவும் அளவுப்படி வரைவதில்லை. எந்த அளவில் வைக்க வேண்டும் என்ற செட்பாயிண்ட்டுகளும் எங்கள் தாள்களில் இல்லை, அவற்றை அலாரம் பட்டியலில் தேட வேண்டியிருந்தது. தலைப்புக் கட்டத்தில் ரிவிஷன் எண்ணும், உண்மையில் கட்டியபடி திருத்தியது என்று சொல்லும் 'ஆஸ் பில்ட்' குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாளையும் ஹைலைட்டரையும் எடுத்துக்கொண்டு குழாய் ஓரமாக நடந்தேன். பார்த்த வால்வுக்கெல்லாம் மஞ்சள். LV-301-ஐச் சுற்றி ஒரு பைபாஸ் குழாய் களத்தில் இருந்தது, தாளில் இல்லை. அதன் வால்வு கொஞ்சம் திறந்திருந்தாலே கண்ட்ரோலரின் அவுட்புட் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அவுட்புட்டை மட்டும் நம்புகிறவர் பேக்வாஷைத் தள்ளிப்போட்டுவிடுவார். சிவப்புப் பேனாவால் அதை வரைந்து, NC என்று எழுதி, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி அடுத்த ரிவிஷனுக்கு அனுப்பினோம். வால்வு மூடிய நிலையில் மாட்ட ஒரு பூட்டும் கேட்டு வாங்கினோம்.